கிரடிட் நோட்டை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்க முதல்



பெருநாள் வியாபாரம் முடிந்து இரண்டு மூன்று கிழமைக்குள் நம்ம பக்கத்துக் கடைகளில் ஒரே கதைதான். பெட்டாவில் இருந்து எடுத்த சாமான் பழுது, திருப்பி அனுப்பியாச்சு, ஆனால் முதலாளி சல்லி தரமாட்டேன் என்கிறார், "அடுத்த பில்லில கழிச்சித் தாறன்" என்று ஒரு துண்டை எழுதித் தந்திருக்கிறார். இதைச் சிலர் கோபமாகச் சொல்வார்கள். பெரும்பாலானோர் "பரவாயில்ல, சல்லி எங்க போகப் போகுது, அவரிட்டத்தானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டை லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள்.

எனக்குப் பிரச்சினை அந்த இரண்டாவது ஆட்களோடுதான். ஒரே துண்டு சில வேளை சல்லிக்குச் சமம். சில வேளை அது நீங்கள் மொத்தக் கடைக்காரருக்குக் கொடுத்த கடன். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே லாச்சியில் போடுகிறோம்.

நான் வகுப்பில் வணிகக் கல்வியும் கணக்கீடும் படிப்பிக்கிற ஆள். பாடப் புத்தகத்தில் இதற்கு "செலவுத்தாள்" என்று பெயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே குழப்பம். செலவுத்தாள் என்றால் யாருக்குச் செலவு என்று கேட்பார்கள். விற்றவர் தன் புத்தகத்தில் வாங்கியவரின் கணக்கைச் செலவு வைப்பதால், அதாவது நீங்கள் தரவேண்டியதைக் குறைப்பதால் வந்த பெயர். கடைத்தெருவில் எல்லோரும் கிரடிட் நோட் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் "தரவேண்டியதைக் குறைப்பது" என்ற அந்த அர்த்தத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழு விடயமும் அதில்தான் இருக்கிறது. தரவேண்டியது ஒன்று இருந்தால்தானே குறைக்கலாம்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிழக்கில் ஒரு சின்னத் துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருநாளைக்கு முன் புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றில் பிள்ளைகளின் சட்டை 120 எடுக்கிறார். ஒன்று 2,000 ரூபா, பில் 2,40,000. கையில் 90,000 கொடுக்கிறார். மீதிக்கு 50,000 வீதம் மூன்று செக், ஒவ்வொன்றும் ஒரு மாத இடைவெளியில் திகதி போட்டது. நம்ம ஊரில் இப்படித்தான் பெரும்பாலும் வியாபாரம் நடக்கிறது, இதில் புதினம் ஒன்றும் இல்லை.

பொதியைப் பிரித்து அடுக்கும்போது 24 சட்டையில் சாயம் இறங்குகிறது, சிப்பும் ஒழுங்காக ஏறவில்லை. 48,000 ரூபாய்ப் பழுது. பஸ் பார்சலில் திருப்பி அனுப்புகிறார். இந்த நேரத்தில் முதல் செக் பாஸாகிவிட்டது, இன்னும் இரண்டு செக் மொத்தக் கடைக்காரர் கையில் இருக்கிறது. அதாவது கடைக்காரர் இன்னும் 1,00,000 ரூபா தரவேண்டியவர்.

இந்த இடத்தில் கிரடிட் நோட் வாங்குவதில் ஒரு நட்டமும் இல்லை. 1,00,000 கடன் 52,000 ஆகக் குறைகிறது, அவ்வளவுதான். சல்லியாக வாங்கி அதையே திருப்பிக் கொடுப்பதும் இதுவும் ஒன்று. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தக் குறைப்பு செக்கில் நடக்கவேண்டும். 50,000 ரூபாய்ச் செக் ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அதற்குப் பதில் 2,000 ரூபாவுக்குச் சின்னச் செக் ஒன்றையோ சல்லியையோ கொடுத்துவிட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது. அதன்பிறகு அந்தத் துண்டைத் தொலைத்தாலும் பரவாயில்லை.

நடப்பது என்ன? கடைக்காரர் கேட்பதில்லை. மொத்தக் கடைக்காரர் துண்டை எழுதி போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "சரி காக்கா" என்று பதில் போகிறது. செக் இரண்டும் அந்தந்தத் திகதியில் வங்கிக்குப் போய்ப் பாஸாகின்றன. இப்போது 2,40,000 முழுவதும் கட்டியாச்சு. கையில் வந்த சாமான் 1,92,000 பெறுமதி. மிச்சம் 48,000 மொத்தக் கடைக்காரர் வைத்திருக்கிறார்.

வகுப்பில் நான் இதைக் காட்டும்போது பலகையில் கடன்கொடுத்தோர் கணக்கை வரைந்து, மீதி எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள் என்பேன். முதல் நிலையில் மீதி செலவுப் பக்கம், நாம் கொடுக்கவேண்டும். இரண்டாவது நிலையில் மீதி வரவுப் பக்கத்துக்கு மாறிவிடுகிறது. கடன்கொடுத்தோர் என்று பெயர் போட்ட ஆள் நமக்குக் கடன்பட்டவர் ஆகிவிட்டார். துண்டில் உள்ள எழுத்து ஒன்றும் மாறவில்லை. அதே 48,000, அதே கையெழுத்து, அதே சீல். ஆனால் அதன் அர்த்தம் தலைகீழாகிவிட்டது.

சரி, கடன்தானே, எப்போதாவது கிடைக்கும் என்று நினைக்கலாம். எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள்.

அடுத்த சீசனுக்கு அவர் போகிறார். இதே சட்டை இந்தக் கடையில் இப்போது 2,300. இரண்டு கடை தள்ளி இதே தரம் 2,150. கையில் சல்லி இருந்தால் 2,150 கடைக்குப் போவார். துண்டு இருப்பதால் 2,300 கடைக்குத்தான் போகவேண்டும். 48,000 ரூபாய்த் துண்டுக்கு 2,300 வீதம் இருபது சட்டையும் கொஞ்சமும் வரும். அந்தச் சாமானை வெளியில் எடுக்க 44,870 ரூபா போதும். ஆகவே 48,000 என்று எழுதிய துண்டின் உண்மையான பெறுமதி 44,870 தான். விலைவாசி ஏறியதை நான் இங்கே நட்டமாகச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விலை ஏறினால் அவரும் தன் கடையில் ஏற்றித்தான் விற்பார். நான் சொல்வது, வேறு இடத்துக்குப் போகும் சுதந்திரம் போனதன் விலை.

இன்னொரு நிபந்தனையும் சில இடங்களில் வரும், இதுதான் மோசம். "முழுசையும் ஒரே தரம் கழிக்க ஏலா, பில்லில நூற்றுக்கு இருபதுதான் கழிப்போம்." கேட்க நியாயம் போல இருக்கும். கணக்கைப் பாருங்கள். 48,000 கழிய வேண்டுமென்றால் அவர் கிட்டத்தட்ட 2,40,000 ரூபாவுக்குச் சாமான் எடுக்கவேண்டும். அதாவது தன்னுடைய 48,000 ரூபாவைத் திரும்பப் பெற இன்னும் 1,92,000 ரூபாவை அதே கடைக்குக் கொண்டுபோகவேண்டும். 2,300 வீதம் 104 சட்டை வரும். ஒவ்வொன்றிலும் 150 ரூபா கூடக் கொடுக்கிறார் என்றால் 15,600 ரூபா. 48,000 ரூபாய்த் துண்டு இப்போது 32,400 ரூபாய்த் துண்டு. துண்டின் மேல் இன்னும் 48,000 என்றுதான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வவுச்சர் கொடுத்தால் எந்தப் பெற்றோரும் அதைச் சல்லி என்று சொல்வதில்லை. எந்தக் கடையில் எடுபடும், எந்தத் திகதி வரை என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை 48,000 ரூபாய்த் துண்டுக்குக் கேட்க நமக்கு வெட்கம்.

மொத்தக் கடைக்காரர் பக்கத்தையும் சொல்லவேண்டும், அவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் வாங்கிய சல்லி அன்றே இறக்குமதியாளருக்கோ தைக்கிற இடத்துக்கோ போயிருக்கும். திருப்பி வந்த சாமானை அவரும் மேலே அனுப்பவேண்டும், அவருக்கும் அங்கே துண்டுதான் கிடைக்கும். லாச்சியில் இருக்கும் வேலைப் பொடியனிடம் சல்லியைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் வராத சாமானுக்கெல்லாம் ரிட்டன் எழுதி விளையாடுவார்கள் என்ற பயமும் நியாயமானது. வற் வரிக்குப் பதிந்த கடை என்றால் கிரடிட் நோட் எழுதித்தான் தன் வரிக் கணக்கைக் குறைக்கவேண்டும். அதை நாம் மறுக்க முடியாது. ஆனால் இங்கே ஒரு சின்னக் கண்கட்டு நடக்கிறது. கிரடிட் நோட் எழுதுவது ஒரு வேலை, சல்லி கொடுப்பது இன்னொரு வேலை. கணக்குக்காக நோட்டும் எழுதலாம், அந்த நோட்டுக்கு எதிராகச் சல்லியும் கொடுக்கலாம். "நோட் எழுதிட்டம், அதனால சல்லி தர ஏலா" என்பது கணக்கீட்டில் எங்கும் இல்லாத விதி.

மார்க்கத்தில் இது எப்படி? நான் ஆலிம் இல்லை. ஆனால் நம்ம ஷாபிஈ மத்ஹபில் படித்துத் தந்ததில் இரண்டு வாசல் தனித்தனியாக இருக்கிறது. நாம் இரண்டையும் கலந்துவிடுகிறோம்.

ஒன்று பழுது. சாமானில் விற்கும்போதே இருந்த குறை பின்னால் தெரியவந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. திருப்பினால் அந்த வியாபாரமே முறிந்துவிடுகிறது. முறிந்தால் கொடுத்த விலை அவருக்குச் சொந்தம், விற்றவர் தலையில் அது கடன். கடன் கொடுத்தவரைப் பிடித்து "சல்லிக்குப் பதில் இதை எடு" என்று கட்டாயப்படுத்த முடியாது. அவர் விரும்பி ஒத்துக்கொண்டால் அது வேறு. இரண்டு பக்கமும் ஒரே வகைக் கடன் இருந்தால் ஒன்றில் ஒன்றைக் கழித்துக்கொள்வதிலும் பிரச்சினை இல்லை. செக் பாஸாக முதல் நிலையில் நான் சொன்னது அதுதான்.

ஆனால் இந்த உரிமைக்கு ஓர் அவசரம் இருக்கிறது. குறை தெரிந்ததும் உடனே திருப்பவேண்டும். தெரிந்த பிறகும் அதையே விற்கப் பார்த்தால், "பெருநாள் முடியட்டும், போகாட்டி அனுப்புவம்" என்று இருந்தால், குறையை ஏற்றுக்கொண்டதாகிவிடும். நம்ம ஆட்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழுதென்று பொதி பிரித்த அன்றே தெரியும். அனுப்புவது பெருநாள் முடிந்து இரண்டாம் கிழமை. அப்போது முதலாளி, "இது பழுதில்ல, விற்காம மிஞ்சினதை அனுப்பியிருக்கார்" என்கிறார். அவர் அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை.

மற்ற வாசல் இகாலா. சாமானில் ஒரு குறையும் இல்லை, விற்கவில்லை, மிஞ்சிவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது. இங்கே திருப்பி எடுக்க விற்றவருக்குக் கடமை ஒன்றும் இல்லை. எடுத்தால் அது அவர் செய்யும் உபகாரம், நன்மையான காரியம். ஷாபிஈ மத்ஹபில் இகாலா என்பது பழைய வியாபாரத்தை முறிப்பது, அதனால் பழைய விலையிலேயே நடக்கவேண்டும். கூட்டியோ குறைத்தோ என்றால் அதைப் புது வியாபாரமாகப் பேசிச் செய்யவேண்டும். ஆகவே மிஞ்சிய சட்டையை அனுப்பிவிட்டு "சல்லியாத் தாங்க" என்று குரலை உயர்த்துகிறவர்களுக்கு என் ஆதரவு இல்லை. எடுத்துக்கொள்ளும்போதே "துண்டுதான் தருவேன்" என்று அவர் சொன்னால், விருப்பம் என்றால் அனுப்புங்கள், இல்லையென்றால் வைத்து விற்றுக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான்: காசு கட்டி முடிந்த பழுதுக்குச் சல்லி, கட்டி முடியாத பழுதுக்குக் கழிவு, மிஞ்சிய நல்ல சாமானுக்கு அவர் சொல்வது. நம்ம சண்டைகளில் முக்கால்வாசி, மூன்றையும் "ரிட்டன்" என்ற ஒரே சொல்லால் கூப்பிடுவதால் வருகிறது.

நாட்டுச் சட்டமும் இதற்குத் தூரமில்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. சாமான் சொன்ன விபரத்துக்கும் காட்டிய மாதிரிக்கும் ஒத்திருக்கவேண்டும், வியாபாரத்துக்கு எடுபடும் தரத்தில் இருக்கவேண்டும் என்பது அதில் உள்ளது. இல்லாவிட்டால் வாங்கியவர் மறுக்கலாம். மறுத்த சாமானை நம்ம செலவில் பெட்டாவரை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை, வேறு பேச்சு இல்லாவிட்டால் "நான் ஏற்கவில்லை" என்று அறிவித்தால் போதும். ஆனால் நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் வைத்திருந்தால் ஏற்றதாகவே கொள்ளப்படும். மத்ஹபும் கட்டளைச் சட்டமும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன: தெரிந்ததும் சொல்லு.

அதே சட்டத்தில் நமக்கு எதிரான ஒரு கதவும் உண்டு. இருவரும் வெளிப்படையாகப் பேசிக்கொண்டதாலோ, இருவருக்கும் இடையில் தொடர்ந்து நடந்துவந்த வழக்கத்தாலோ, அந்த வியாபாரத்தின் பொது வழக்கத்தாலோ இந்த உரிமைகளை மாற்றிக்கொள்ளலாம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் உள்ளதைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். அதைவிட முக்கியம், பத்து வருடமாக மறுபேச்சில்லாமல் துண்டு வாங்கிய ஆள் பதினோராம் வருடம் சல்லி கேட்டால், "எங்களுக்குள்ள வழக்கம் இதுதானே" என்று அவர் சொல்ல இடம் இருக்கிறது. ஆகவே ஒரு முறை துண்டு வாங்க ஒத்துக்கொண்டாலும் "இந்த முறை மட்டும்" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அது சண்டை பிடிப்பது இல்லை.

செக்கை ஸ்டொப் பேமன்ட் போட்டு நிறுத்தச் சொல்லிச் சிலர் புத்தி சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். பழுது 48,000, செக் 50,000. செக்கை நிறுத்தினால் சாமான் பற்றிய பேச்சு போய் செக் பற்றிய பேச்சு வந்துவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்ததை அவர் பக்கம் தள்ளிக்கொடுத்தது போலாகும். அதோடு தெருவில் அடுத்த கடைக்காரரும் உங்கள் செக்கை வாங்க யோசிப்பார். செக் திகதிக்கு முன் போன் எடுத்து மாற்றிக் கேளுங்கள். மாட்டேன் என்றால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பலசரக்குக் கடைக்காரர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் வேறு. பிஸ்கட், பால்மா, சவர்க்காரம் கொண்டுவரும் ரெப் காலாவதியான சாமானை எடுத்து அன்றைய பில்லிலேயே கழித்துவிட்டால் அதைவிட நல்ல முறை இல்லை. நோட் பிறந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பிரச்சினை, "இன்டைக்கு எடுத்துட்டுப் போறன், கம்பனி அப்ரூவ் பண்ணினதும் அடுத்த மாசம் கழிக்கிறன்" என்பதில்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே கம்பனி ஒத்துக்கொள்ளவேண்டும், அதற்குக் காலம் எடுக்கும், அது உண்மை. ஆனால் சாமான் போய்விட்டது, கையில் இருப்பது ரெப்பின் கொப்பியில் கிழித்த தாள். மூன்று மாதத்தில் ரெப் மாறிவிடுவார். புதுப் பொடியன் வந்து "நானா, சிஸ்டத்தில அப்படி ஒண்டும் இல்லையே" என்பான். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை. ஆகவே எடுத்துக்கொண்டு போவதற்கு முன் கம்பனியின் இலக்கம் அச்சடித்த ரிட்டன் படிவத்தில் எண்ணிக்கையும் திகதியும் கையெழுத்தும் வேண்டும். அது இல்லாவிட்டால் பழைய பிஸ்கட் உங்கள் கடையிலேயே ஒரு மூலையில் இருக்கட்டும். எலி வந்தாலும் பரவாயில்லை, ஆதாரம் இருக்கும்.

இங்கே நியாயமாகக் குறையும் ஒரு தொகையையும் சொல்லவேண்டும், இதற்காகவும் சண்டை பிடிக்கிறோம். பத்து எடுத்தால் ஒன்று இலவசம் என்று பதினொன்று வாங்கியிருந்தால், ஒன்றின் உண்மை விலை பில்லில் உள்ள விலை இல்லை, பத்தின் விலையைப் பதினொன்றால் பிரித்தது. 110 ரூபாய்ச் சவர்க்காரம் பத்துக்கு 1,100 கட்டிப் பதினொன்று எடுத்தால் ஒன்று 100 ரூபா. ஒன்றைத் திருப்பும்போது அவர் 100 கழித்தால் அது சரி. கழிவு கழித்த பில்லுக்கும் இதே கணக்கு.

துண்டு வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வரும். ஊருக்கும் பெட்டாவுக்கும் இருக்கும் தூரத்துக்கு, அடுத்த சீசனுக்கும் அதே ஆளிடம் கடனுக்கு எடுக்கவேண்டிய நிலைக்கு, எப்போதும் நின்று வாதாட முடியாது. அப்படி வாங்கினால் வெறும் தொகையோடு வாங்காதீர்கள். பழைய பில்லின் இலக்கமும் திகதியும், எத்தனை சட்டை, எந்த விலையில் என்பதும் அதில் இருக்கட்டும். காரணத்தில் "ரிட்டன்" என்று மட்டும் எழுதாமல் "சாயம் இறங்கியதால்" என்று எழுதச் சொல்லுங்கள். பழுதா, மிஞ்சியதா என்ற கேள்வி பின்னால் வராது. பில்லில் நூற்றுக்கு இத்தனைதான் கழிப்பேன் என்ற நிபந்தனை இருந்தால் அது அன்றே எழுத்தில் வரவேண்டும். சீசன் வந்த பிறகு வாயால் வரக்கூடாது. கடைசியாக ஒரே ஒரு வரி: "இத்தொகை இன்ன திகதிக்குள் கழிக்கப்படாவிட்டால் காசாகச் செலுத்தப்படும்." இந்த ஒரு வரியை எழுதித் தருகிற முதலாளியிடம் துண்டு வாங்கலாம். எழுதத் தயங்கினால், நீங்கள் வாங்கப்போவது என்ன என்று அவரே சொல்லிவிட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை எழுதினால் சில கடைக்கார நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். பெட்டா முதலாளியைப் பற்றி முறையிடுகிற அதே கடையின் சுவரில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று போர்டு தொங்குகிறது. அபாயா தையல் விட்டுப்போய் கொண்டுவரும் ராத்தாவிடம் "சல்லி தரமாட்டம், வேற எதாவது எடுங்க" என்கிறோம். அவரது அளவில் வேறு அபாயா கடையில் இல்லை. கடைசியில் தேவையில்லாத இரண்டு ஷோலைத் தூக்கிக்கொண்டு போகிறார். பெட்டாக்காரர் நமக்குச் செய்ததை நாம் அவருக்குச் செய்தோம், தொகைதான் சின்னது. அவர் கடன் வைத்து வாங்கவில்லை, முழுக் காசும் கட்டியவர். மேலே போட்ட கணக்கின்படி அவருக்குச் சல்லிதான். நிறம் பிடிக்கவில்லை என்று கொண்டுவருகிறவருக்கு வேண்டுமானால் துண்டு கொடுங்கள், அது இகாலா. கடைக்காரருக்கு இல்லாத ஒரு வசதியும் அந்த ராத்தாவுக்கு இருக்கிறது. அவர் பாவனைக்கு வாங்கியவர் என்பதால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகலாம், 1977 என்ற இலக்கத்துக்கு ஒரு அழைப்புப் போதும். திரும்ப விற்பதற்கு வாங்கும் நமக்கு, பில்லும் துண்டும் வட்ஸ்அப்பும்தான் ஆதாரம்.

ஏற்கெனவே லாச்சியில் பழைய துண்டுகள் வைத்திருப்பவர்கள் இந்தக் கிழமை ஒரு வேலை செய்யலாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கடைவாரியாகப் பிரித்து, அந்தந்தக் கடைக்கு இன்னும் கொடுக்கவேண்டியது இருக்கிறதா என்று பில் புத்தகத்தைப் பாருங்கள். கொடுக்கவேண்டியது இருந்தால் அடுத்த செக்குக்கு முன் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது வரவேண்டிய கடன், ஸகாத் கணக்குப் பார்க்கும்போது வரவேண்டிய கடன்களோடு அதையும் எழுதி உங்கள் பள்ளி ஹஸரத்திடம் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு முதலாளிக்கும் துண்டின் போட்டோவோடு "உங்கள் புத்தகத்திலும் இந்தத் தொகை நிற்கிறதா?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். "ஓம்" என்று பதில் வந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். பதில் வராத துண்டுகளுக்கு, அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது சாமான் எடுப்பதற்கு முதலிலேயே அந்தக் கடைக்குப் போங்கள்.